பூட்டு என்று நினைத்த எழுத்து: மொரீஷியஸ் கோவில் சமையற்கூடத்தில் 11 வாரக் களப்பணி

பின்னணி

மொரீஷியஸில் காவடித் திருவிழா முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பாடு போடுவார்கள். அங்கே பேசும் கிரியோல் மொழியில் அதற்கு ‘செத் காரி’ என்று பெயர். பரங்கிக்காய், பலாக்காய், வாழைக்காய், மாங்காய், கீரை என்று ஊருக்கு ஊர் பட்டியல் கொஞ்சம் மாறும். ரசத்தை ‘ரசோன்’ என்பார்கள். இந்தச் சாப்பாட்டை யார் சமைக்கிறார்கள், சமைக்கும்போது யாருக்கு என்ன வேலை, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. கேள்வித்தாள் கொடுத்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. “எல்லாரும் சேர்ந்து செய்வோம்” என்ற ஒரே பதில்தான் வரும். அதனால் கூடவே இருந்து, வேலை செய்து, பார்த்து எழுதும் பங்கேற்பு உற்றுநோக்கலைத் தேர்ந்தெடுத்தேன்.

நான் மதுரைப் பக்கத்துக்காரி. மொரீஷியஸுக்கு அதற்கு முன் போனதில்லை. தமிழர்கள் அந்தத் தீவுக்குப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே கைவினைஞர்களாகப் போயிருக்கிறார்கள். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு நிறையப் பேர் போனார்கள். இன்று அவர்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல். வயதானவர்களில் சிலருக்குப் பேச்சுத் தமிழ் வரும். பிள்ளைகள் பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். இதெல்லாம் போவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்த விஷயம் களத்தில் நடந்துகொள்ளும் முறைக்குள் வந்து சேர எனக்கு ஆறு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் நடந்த தவறுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

ஊர், கோவில், ஆட்கள் பெயர் எதையும் இங்கே சொல்லவில்லை. தீவின் உட்பகுதியில் உள்ள ஒரு நடுத்தரக் கோவில் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அது ஏன் என்று பின்னால் வரும்.

உள்ளே போன விதம்

கோவில் நிர்வாகக் குழுத் தலைவருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கியிருந்தேன். போனவுடன் அவரைப் பார்த்து, ஆய்வைப் பற்றிய விவரத் தாளைக் கொடுத்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்தேன். அவர் முதல் வரியிலேயே விரலை வைத்தார். “இந்துக் கோவில் சமையல்” என்று எழுதியிருந்தேன். “இது தமிழ்க் கோவில். இந்து என்று போட்டால் இங்கே வேறு ஆட்களைக் குறிக்கும்” என்றார். அந்த நாட்டில் ‘இந்து’ என்ற சொல் பேச்சுவழக்கில் போஜ்பூரி, ஹிந்தி பின்னணி கொண்டவர்களைக் குறிக்கிறது. தமிழர் என்பதை ஒரு சமயப் பிரிவாகவே மக்கள்தொகைக் கணக்கில் சொல்கிறார்கள். தாளைத் திருத்தி மறுபடி அச்சிட்டேன். என் சொற்கள் அங்கே அதே பொருளைத் தராது என்பதற்கு வந்த முதல் எச்சரிக்கை அது. நான் அதை ஓர் அச்சுத் திருத்தமாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின் சின்ன அளவில் சாப்பாடு உண்டு. முதல் வெள்ளிக்கிழமை தலைவரே என்னைச் சமையற்கூடத்துக்கு அழைத்துப் போய், “இந்தியாவிலிருந்து வந்திருக்கிற மிஸ், பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ச்சி” என்று அறிமுகப்படுத்தினார். தரையில் உட்கார்ந்து காய் வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் உடனே எழுந்து போய் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்தேன்.

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் அதே நாற்காலிதான். என் குறிப்புகளில் அந்த மூன்று வாரமும் ஒல்லியாக இருக்கின்றன. என்னென்ன காய், எத்தனை பேர், எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினார்கள் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு குறையும். தமிழ் தெரிந்த ஒரு மூதாட்டி மட்டும் “வணக்கம், சௌக்கியமா” என்பார், அப்புறம் வாயே திறக்க மாட்டார். கூச்சம் என்று முதலில் நினைத்தேன். மூன்றாவது வாரம் குறிப்புகளை வரிசையாகப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. தண்ணீர் பிடிக்க நான் வெளியே போன நேரங்களில் எல்லாம் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டதாக எழுதியிருந்தேன். மூன்று வாரத்தில் நான்கு முறை. அவர்களுக்குக் கூச்சம் இல்லை. நான் இருந்ததுதான் காரணம்.

சிக்கல் எங்கே என்பதை நாற்காலி கொண்டுவந்த பெண்ணே பிறகு சொன்னார். பள்ளியில் தமிழ் ஆசிரியரை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தியாவிலிருந்து வந்த ஒரு மிஸ் கையில் நோட்டோடு உட்கார்ந்தால், தங்கள் தமிழில் உள்ள பிழையைக் குறிக்கிறார் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். பாட்டியிடம் கற்ற தமிழை ஐம்பது வருடமாகக் காப்பாற்றி வைத்திருக்கும் அந்த மூதாட்டிக்கு அது எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. தலைவர் வழியாக வந்ததால் நான் தலைவருடைய ஆள். ஆனால் சமையற்கூடத்தில் அவர் சொல் செல்லாது. எந்தக் காயை யார் வெட்டுவது, யார் கிளறுவது என்பதெல்லாம் அந்த மூதாட்டி கையில் இருந்தது. காகித அனுமதி ஒருவரிடமும் உண்மையான அனுமதி இன்னொருவரிடமும் இருப்பது களப்பணியில் அடிக்கடி நடப்பது. நான் முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதைக் கேட்கவே இல்லை.

நான்காவது வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகப் போனேன். நோட்டை வெளியே எடுக்கவில்லை. மூதாட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “பாட்டி, நான் இங்கே சமையல் கத்துக்கத்தான் வந்தேன். உங்களுக்குச் சரின்னா இருக்கேன், இல்லேன்னா போயிடறேன்” என்றேன். என்ன எழுதுவேன், அதை என்ன செய்வேன், எந்த மாதம் ஊருக்குத் திரும்புவேன் என்பதையும் எனக்குத் தெரிந்த கிரியோலில் தட்டுத்தடுமாறி எல்லாருக்கும் சொன்னேன். அச்சிட்ட தாளை அதுவரை ஒருவரும் படித்திருக்கவில்லை. அவர் ஒரு கத்தியையும் பாதிப் பரங்கிக்காயையும் என் பக்கம் தள்ளினார். “பாட்டி வேண்டாம். இங்க எல்லாரும் தாந்தின்னுதான் சொல்லுவாங்க” என்றார். ‘தாந்தின்’ என்றால் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாம் அடங்கிய கிரியோல் உறவுச் சொல்.

உற்றுநோக்குபவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சமூகவியலாளர் ரேமண்ட் கோல்ட் 1958இல் நான்கு நிலைகளாகப் பிரித்தார். ஒரு முனையில் வெறுமனே பார்ப்பவர், மறுமுனையில் தன்னை ஆய்வாளர் என்று காட்டிக்கொள்ளாமல் முழுக்கக் கலந்துவிடுபவர், இடையில் இரண்டு படிகள். நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கியது அந்த இடைப்படிகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போனதுதான். ஆய்வாளர் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் கையில் வேலை இருக்கிறது. ஐந்தாவது வாரம் ஓர் அடையாளம் கிடைத்தது. கிரியோலில் ‘ஊ’ என்றால் நீங்கள், ‘தோ’ என்றால் நீ. நாற்காலி கொண்டுவந்த பெண் அன்று என்னை ‘தோ’ என்றார். நேரத்தோடு அதைக் குறித்து வைத்தேன்.

குறிப்பு எழுதிய முறை

கை காய் வெட்டிக்கொண்டிருந்தால் எழுத முடியாது. அதனால் இடுப்பில் செருகும் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொண்டேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகும்போதோ, சாமான் அறைக்குப் போகும்போதோ நான்கைந்து சொல் கிறுக்குவேன். யார் சொன்ன சொல், எந்த மொழியில், எத்தனை மணி. அவ்வளவுதான். அறைக்குத் திரும்பியதும் தூங்குவதற்கு முன் அந்தக் கிறுக்கலை விரித்து முழுக் குறிப்பாகக் கணினியில் எழுதுவேன். சமையற்கூடத்தில் இரண்டு மணி நேரம் இருந்தால் எழுத ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். இதைக் குறைக்க வழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

முழுக் குறிப்பில் மூன்று நிறம் வைத்தேன். கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் கருப்பு. என் ஊகம் நீலம். என் கோபம், சலிப்பு, பயம் எல்லாம் தனிக் கோப்பு. கேட்ட சொல்லை அப்படியே கிரியோலில் எழுதி, கீழே பொருள் எழுதுவேன். இந்த ஏற்பாடு சாதாரண நாட்களில் நன்றாகவே வேலை செய்தது. எங்கே உடைந்தது என்பதுதான் சொல்லத் தக்கது.

காவடி நாளோடு முடியும் பத்து நாள் விரதம் கொடியேற்றத்தோடு தொடங்கியது. விரதத்தை அங்கே ‘கரேம்’ என்பார்கள். அந்தக் கோவிலில் பத்து நாளும் மாலையில் சமையல் உண்டு. மூன்றாம் நாள் மாலை புயல் எச்சரிக்கை ஏறியது. மூன்றாம் எண் எச்சரிக்கை வந்துவிட்டால் பேருந்து நின்றுவிடும், ஆட்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். அவசரமாக வேலையை முடித்துக் கிளம்பினோம். என் அறையில் மின்சாரம் இல்லை. ஐந்தாம் நாள் மதியம்தான் முழுக் குறிப்பு எழுதினேன். அதில் கருப்பு எழுத்தில் ஒரு வரி: “பெண்கள் யாரும் அடுப்புப் பக்கம் வரவில்லை. தீட்டு குறித்த கவனம் இங்கே கடுமை.”

எழுதி முடித்துப் படித்தபோது அந்த வரி மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நின்றது. யார் பெயரும் இல்லை. மணி இல்லை. யார் வாயிலிருந்தும் வந்த ஒரு சொல் இல்லை. சின்ன நோட்டைத் தேடினால் அங்கே “அடுப்பு – ஆண்கள்” என்று இரண்டே சொல். ‘தீட்டு’ என்பது என் ஊரிலிருந்து நான் கொண்டுபோன சொல். இரண்டு நாள் தாமதத்தில் நினைவு காய்ந்துபோன இடத்தை எனக்கு ஏற்கெனவே தெரிந்த விளக்கம் வந்து நிரப்பியிருக்கிறது. அதுவும் நீலத்தில் வராமல் கருப்பில். முற்றிலும் அயலான இடமாக இருந்தால் நான் இப்படி எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். சாமி பெயர் தெரியும், கறி தெரியும், சொல்லில் பாதி தெரியும் என்பதால் மீதியும் தெரிந்ததாகவே மனம் எடுத்துக்கொண்டது.

அந்த வரியை அழிக்கவில்லை. பக்கத்தில் தேதி போட்டு “சான்று இல்லை” என்று எழுதினேன். அன்று மாலை அடுப்பு தெரியும் இடத்தில் உட்கார்ந்து பலாக்காய் சுத்தம் செய்தேன். அரை மணிக்கு ஒரு முறை, அடுப்பறைத் தளத்துக்குள் யார் யார் நிற்கிறார்கள் என்று சின்னப் படமாகக் குறித்தேன். முதல் படத்தில் மூன்று ஆண்கள், ஒரு பெண். இரண்டாவதில் நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். மூன்றாவது படத்தில்தான் விஷயம் இருந்தது. தண்ணீர் வாளி தூக்கி வந்த ஒரு ஆண், தளத்தின் விளிம்பிலேயே நின்று வாளியை உள்ளே இருந்தவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பெண்கள் உள்ளே, ஓர் ஆண் வெளியே.

சாப்பாட்டுக்குப் பின் அவரிடம் கேட்டேன். “நான் இந்த வருஷம் கரேம் இல்லை” என்றார். வெளியிலேயே இருந்த ஒரு பெண்ணிடமும் கேட்டேன். அவர் கடற்கரை விடுதி ஒன்றில் வேலை செய்கிறார். மதியம் அங்கேதான் சாப்பாடு. அதனால் கரேம் எடுக்கவில்லை, அதனால் அடுப்புக்குப் போவதில்லை. கோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் இல்லை. விரதம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நடுவில் இருந்தது. மூன்றாம் நாள் ஏன் ஒரு பெண்ணும் இல்லை? விரதம் இருந்த அந்த இரண்டு பெண்களும் பேருந்தில் வருபவர்கள். புயலுக்குப் பயந்து அன்று வரவில்லை.

தீட்டு என்ற எண்ணமே அந்தக் கோவிலில் கிடையாது என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிய வந்த இடங்களும் உண்டு. அந்த அடுப்பைச் சுற்றி நான் பார்த்த கோட்டுக்கு அது விளக்கம் இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆறாம் நாள்

சமையற்கூடத்துக்கு அம்மாவோடு வரும் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பள்ளியில் தமிழ் படிக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து அரிசிப் பை, எண்ணெய் டின், காலண்டர் என்று எழுத்து தெரிந்த எதையும் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுவாள். நானும் “அடுத்தது படி” என்று ஊக்குவிப்பேன்.

ஆறாம் நாள் மாலை நான் வாழைத்தார் தூக்கப் போனபோது சின்ன நோட்டு இடுப்பிலிருந்து நழுவிப் பாய்மேல் விழுந்திருக்கிறது. அவள் அதை எடுத்துத் திறந்து, எல்லாரும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். தமிழ் படிக்க வருகிறது என்ற சந்தோஷத்தில்தான் படித்தாள்.

“எண்ணெய் டின் ஆறு சொன்னது, நாலு இருக்கு. கே. முகம் மாறியது. யாரும் கேட்கவில்லை.”

நான் தாருடன் உள்ளே வந்தபோது கடைசி வரி ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் கையும் அசையவில்லை. ‘கே.’ யார் என்று கண்டுபிடிக்க அந்த அறையில் யாருக்கும் ஒரு கணம்கூட ஆகாது. அவர் சாமான் கணக்கு பார்ப்பவர். அங்கேயே இருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

நான் குறிப்புகளைத் தமிழில் எழுதியதற்கு ஒரு காரணம், அங்கே யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நினைப்பு. கிரியோல் பேசும் இடத்தில் தமிழ் எழுத்து ஒரு பூட்டு மாதிரி என்று ஆய்வுத் திட்டத்திலேயே எழுதியிருந்தேன். அந்த நாட்டு நாணயத்தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் வெளியான தாள்களில் தமிழ் ஹிந்திக்குப் பின்னால் போனதற்காகப் பெரிய எதிர்ப்பு எழுந்து, அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றார்கள். பிள்ளைகள் பள்ளியில் அந்த எழுத்தைப் படிக்கிறார்கள், அந்தச் சிறுமி என் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தும் காட்டினாள். இவ்வளவும் கண்முன்னே இருக்க, என் எழுத்து அவர்களுக்கு அயல் எழுத்து என்று நான் நம்பியிருக்கிறேன். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி டிரோபிரியாண்ட் தீவுகளில் இருந்தபோது தன் சொந்த நாட்குறிப்பைப் பெரும்பாலும் போலிஷ் மொழியில் எழுதினார். அவர் இறந்து இருபத்தைந்து வருடம் கழித்து, 1967இல், அது ஆங்கிலத்தில் அச்சாகி உலகமே படித்தது. இதை வகுப்பில் படித்திருக்கிறேன். தேர்விலும் எழுதியிருக்கிறேன்.

எடுத்த முடிவும் காரணமும்

தாந்தின் என்னை வெளியே அழைத்துப் போய், “ரெண்டு நாள் வராதே” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. தலைவரிடம் போகலாம். அனுமதிக் கடிதம் அவர் கொடுத்ததுதான். ஆனால் அவர் வந்து பேசினால் சமையற்கூடத்துக் கணக்கு நிர்வாகக் குழு வரை போகும், கே. இன்னும் பெரிய இடத்தில் நிற்க வேண்டி வரும். இரண்டாவது, மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆய்வை அத்துடன் நிறுத்துவது. அது எனக்குச் சுலபம். ஆனால் அந்த வரி திருத்தப்படாமல் எல்லார் மனதிலும் நிற்கும். மூன்றாவது, கே.யிடமே போவது.

ஏழாம் நாள் காலை தாந்தின் வீட்டுக்குப் போய், கூட வரும்படி கேட்டேன். வந்தார். கே. வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அவரைப் பற்றி நோட்டிலும் கணினியிலும் இருந்த எல்லா வரியையும் கிரியோலில் படித்துக் காட்டினேன். மொத்தம் ஒன்பது இடம். ஒன்றையும் விடவில்லை. விட்டால் பிறகு எதையும் நம்ப மாட்டார். அவர் கேட்டுவிட்டு, “அந்த ரெண்டு டின்னும் பக்கத்து ஊர்க் கோவிலுக்குக் கடன் கொடுத்தது. தாந்தினுக்கே தெரியும். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார். முகம் மாறியது என்று எழுதியிருந்தேனே, அதற்கும் பதில் இருந்தது. அவர் விரதத்தில் இருந்தார், அன்று தலைசுற்றல்.

என் வரியில் பார்த்தது, ஊகம் இரண்டும் ஒரே மூச்சில் கலந்திருந்தன. சின்ன நோட்டில் நிறம் பிரிக்க இடமில்லை. நிறமெல்லாம் இரவில்தான். ஆபத்து இருந்தது பகலில்.

ஒன்பது இடத்தில் எதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டேன். இரண்டை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். கடன் கொடுத்த விஷயத்தைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். கோவில்கள் ஒன்றுக்கொன்று சாமான் கடன் கொடுத்து வாங்குவது பற்றி எனக்கு அதற்கு முன் ஒன்றுமே தெரியாது.

இந்த நிகழ்வைப் பின்னால் எழுதலாமா என்று ஊருக்குத் திரும்பிய பிறகு அவரிடம் கேட்டேன். பொருளையும் எண்ணிக்கையையும் பெயரெழுத்தையும் மாற்றி எழுதச் சொன்னார். ஆகவே இங்கே எண்ணெய் என்று இருப்பது எண்ணெய் இல்லை, ‘கே.’ என்ற எழுத்தும் அப்படித்தான். எழுதியதைப் படித்துக் காட்டிய பின்தான் வெளியிடுகிறேன்.

அந்தச் சிறுமியிடமும் பேசினேன். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக அழுதிருக்கிறாள். தப்பு என்னுடையது என்று அவள் அம்மா முன்னால் சொன்னேன். அடுத்த சில நாள் அவள் எதையும் உரக்கப் படிக்கவில்லை. இந்தக் களப்பணியில் என்னால் ஏற்பட்ட சேதம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

காவடி நாளும் அதன் பின்னும்

ஒன்பதாம் நாள் மாலை தாந்தின் ஆள் அனுப்பினார். உள்ளே போனேன். கே. தேங்காய் துருவிக்கொண்டிருந்தார், தலையசைத்தார். அன்றும் காவடி நாளிலும் நோட்டைத் தொடவில்லை. குறிப்பு இரவில் மட்டும். பத்தாம் நாள் விடியற்காலையிலிருந்து சமையற்கூடத்தில் இருந்தேன். வெளியே அடர் இளஞ்சிவப்பு உடையில் காவடிகள் ஆற்றங்கரையிலிருந்து வரும் சத்தம் கேட்டது. நான் பார்த்தது பரங்கிக்காய்த் தோலைத்தான். என் ஆய்வுக்கு அதுவே சரியான இடம்.

அந்த இரண்டு நாள் குறிப்புகளில் நேர்ச்சொற்கள் குறைவு. மற்ற நாட்களில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு நேர்ப்பேச்சு இருக்கும், இவற்றில் ஒன்று இரண்டு. ஆய்வேட்டில் காவடி நாள் பகுதியை அந்தக் குறையைச் சொல்லியே எழுதியிருக்கிறேன்.

வெளியேறிய விதம்

திரும்பும் மாதத்தை நான்காவது வாரமே சொல்லியிருந்தேன். ஆனால் மாதத்தைச் சொல்வதும் வெளியேறுவதும் வேறு வேறு. காவடிக்குப் பின் மூன்று வாரம் இருந்தேன். முதல் வாரத்திலேயே ஒரு குழப்பம் வந்தது. இப்போது வேலை இல்லாததால் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். டீ குடித்தபடி மருமகளைப் பற்றி, கடனைப் பற்றி, நோயைப் பற்றிப் பேசினார்கள். இதெல்லாம் ஆய்வுக்குப் பேசியதா, என்னிடம் பேசியதா? அவர்களுக்கு அந்த வேறுபாடு மறந்துபோயிருந்தது. எனக்கு மறக்கக் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமையைக் கடைசி நாளாக வைத்தேன். அன்று சாப்பாட்டுக்குப் பின் எல்லாரிடமும், “இன்னையோட எழுதறது முடிஞ்சது. இனிமே நீங்க சொல்றது எதுவும் ஆராய்ச்சிக்குப் போகாது” என்று சொன்னேன். காவடிக்கும் அந்த நாளுக்கும் இடையில் வீடுகளில் கேட்டதில் சமையல் தவிர்த்த எல்லாவற்றையும் கோப்பிலிருந்து நீக்கினேன். சில நல்ல பகுதிகள் போயின.

பிறகு இன்னும் ஒன்பது நாள் வெறும் ஆளாக அங்கே இருந்தேன். திருப்பிக் கட்ட வேண்டிய கடன் மாதிரி சில வேலைகள் இருந்தன. அவர்கள் சொன்ன அளவுகளைக் கொண்டு ஏழு கறியையும் கிரியோலிலும் தமிழிலும் எழுதி, தாந்தின் சரிபார்த்த பின் கோவிலுக்கு ஒரு சிறு நோட்டாகக் கொடுத்தேன். அவர் மூன்று இடத்தில் உப்பைத் திருத்தினார்.

ஊருக்கு வந்து ஏழு மாதம் கழித்து அத்தியாய வரைவின் சுருக்கத்தைக் கிரியோலில் குரல்பதிவாக அனுப்பினேன். இரண்டு ஆட்சேபம் வந்தது. ஒன்றில் நான் சொன்னதே சரி என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் சொன்னதையும் என் வாசிப்பையும் அருகருகே வைத்தேன். மற்றொன்றில் அவர்கள் சொன்னதுதான் சரி. ஒரு பத்தியை நீக்கினேன்.

இப்போது மாற்றிச் செய்பவை

அடுத்த களப்பணி ஒரு மீன் சந்தையில் நடக்கிறது. அங்கே முதல் நாளிலிருந்தே மாற்றுப்பெயர்தான், பெயரின் முதலெழுத்துகூட இல்லை. எந்த மாற்றுப்பெயர் யாருடையது என்ற பட்டியல் களத்துக்கு வருவதே இல்லை. சின்ன நோட்டில் நினைவைத் தூண்டும் பொருட்பெயர்களை மட்டும் எழுதுகிறேன். ஒருவரின் முகத்தைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ அதில் எழுதுவதில்லை. யாராவது உரக்கப் படித்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வரியையும் மனதில் ஒரு முறை படித்துப் பார்க்கிறேன்.

எழுதத் தாமதமானால், எத்தனை மணி நேரத் தாமதம் என்று பக்கத்தின் மேல் போடுகிறேன். பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டியதில் நான் எழுதும் காரணங்கள் எல்லாம் தானாகவே நீலம்.

உள்ளே போகும்போது கடிதம் கொடுப்பவரிடமும் வேலையைப் பிரித்துக் கொடுப்பவரிடமும் தனித்தனியே கேட்கிறேன். இரண்டாவது ஆள் யார் என்று தெரிய ஓரிரு வாரம் ஆகலாம். அதுவரை நோட்டை எடுப்பதில்லை.

தீர்க்க முடியாமல் நிற்பது ஒன்று உண்டு. சமையற்கூடப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். விலகட்டுமா என்று கேட்டபோது தாந்தின் வேண்டாம் என்றார். ஒவ்வொரு காவடிக்கும் யார் எதை வெட்டினார்கள் என்று படம் வருகிறது. என் ஆய்வுக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய படங்கள். நான் அவற்றைச் சேமிப்பதில்லை. அந்தச் சிறுமி எப்போதாவது ஒரு தமிழ்ச் சொல்லைப் படம் எடுத்து அனுப்பி இது என்ன எழுத்து என்று கேட்கிறாள். போன மாதம் வந்தது ‘ழ’.